உதடு ஒட்ட எழுதுவதா, நேரம் பொருந்த எழுதுவதா? அனிமேஷன் வசனத்தைத் திருத்தும் இரண்டு வழிகள்

குழந்தைகளுக்கான ஆங்கில அனிமேஷன் தொடர் ஒன்றைத் தமிழில் டப்பிங் செய்ய, மொழிபெயர்த்த வசனத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் இரண்டு பகுதிகளை ஒரு வழியிலும் மூன்றாம் பகுதியிலிருந்து வேறு வழியிலும் எழுதினேன். இப்போது இரண்டாவது வழியில்தான் எழுதுகிறேன், அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் முதல் வழிக்கும் உரிய இடம் உண்டு. அது எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, உதடு ஒட்ட எழுதுவது. திரையில் பாத்திரத்தின் உதடுகள் மூடும் இடத்தில் தமிழிலும் ப, ம போன்ற எழுத்து வரவேண்டும். உதடு குவியும் இடத்தில் உ, ஊ, ஒ, ஓ வரவேண்டும். அகலத் திறக்கும் இடத்தில் ஆகாரம். நம் இலக்கணத்திலேயே இந்த எழுத்துகளை உதடு ஒட்டியும் குவிந்தும் வாய் திறந்தும் பிறப்பவை என்று பிரித்து வைத்திருப்பதால் தமிழில் எழுதுபவருக்கு இந்த வழி உடனே பிடித்துப்போகும். உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடும் நிரோட்டம் என்ற செய்யுள் வகையே நம்மிடம் இருக்கிறது. எனக்கும் அந்த ஆசைதான் முதலில் வந்தது.

இரண்டாவது வழி, நேரம் பொருந்த எழுதுவது. வாய் எப்போது அசையத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, மறுபடி எப்போது தொடங்கி எப்போது மூடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அந்த அளவுக்குள் இயல்பான பேச்சை வைப்பது. நடுவில் எந்த எழுத்துக்கு உதடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எது சரி என்பதைப் படம்தான் முடிவு செய்கிறது. வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில், செலவைக் குறைத்து வரையப்படும் தொடர்களில் ஓர் ஓவியம் இரண்டு அல்லது மூன்று பிரேம் வரை அப்படியே நிற்கும். மூன்று பிரேமுக்கு ஒன்று என்றால் வினாடிக்கு எட்டு வாய்கள். பல தொடர்களில் அந்த எட்டும் மூன்றே வடிவங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன: மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதும் திறந்த வாய். நாம் ‘ப’ என்று சொல்லும்போது உதடுகள் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வினாடி, அதாவது இரண்டு பிரேம் சொச்சம். மூன்று பிரேமுக்கு ஒருமுறை மாறும் வாயில் அந்தத் துல்லியம் இருக்க வழியில்லை. மூலமொழியிலேயே மூடிய வாய் ‘ம’வுக்காக வந்ததா, அடுத்தபடி திறப்பதற்காகச் சும்மா மூடியதா என்று பல இடங்களில் சொல்ல முடியாது. இல்லாத துல்லியத்துக்கு நான் இரண்டு பகுதிகள் உழைத்திருக்கிறேன்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். இரண்டு நீர்நாய்க் குட்டிகள் ஆற்றங்கரையில் பேசிக்கொள்கின்றன. மூலத்தில் ஒன்று சொல்கிறது: “மேபி. பட் மாமா வில் பி வொரீட்.” முதல் சொல்லுக்கு வாய் அசைவது 12 பிரேம், அதாவது அரை வினாடி. பிறகு 18 பிரேம் வாய் மூடியிருக்கிறது. அடுத்த பகுதி 36 பிரேம், ஒன்றரை வினாடி. கைக்கு வந்த மொழிபெயர்ப்பு இது: “இருக்கலாம். ஆனால் அம்மா நம்மை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்.”

அளப்பதற்கு நான் கட்டளைக் கலித்துறைக்காரர்களின் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்: ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவது. புள்ளி எழுத்துகளைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணினால் வாய் எத்தனை முறை திறக்கிறது என்பது கிடைத்துவிடும். பதற்றமில்லாத பேச்சில் வினாடிக்கு ஆறு எழுத்து என்பது என் அனுபவக் கணக்கு. படபடவென்று பேசும் பாத்திரத்துக்கு எட்டு வரை போகலாம். இந்தக் கணக்கில் முதல் பகுதிக்கு மூன்று எழுத்து, இரண்டாம் பகுதிக்கு ஒன்பது எழுத்து. மொழிபெயர்ப்பிலோ முதல் பகுதியில் நான்கு, இரண்டாம் பகுதியில் பதினெட்டு. சரியாக இரண்டு மடங்கு.

உதடு ஒட்டும் வழியில் நான் எழுதிய வரி: “மெய்தான். பாவம் அம்மா, வேதனைப்படுவார்.” ‘மே’ வரும் இடத்தில் ‘மெ’, ‘ப’ வரும் இடத்தில் ‘பா’, ‘மாமா’வுக்கு ‘ம்மா’, ‘வொ’ வரும் இடத்தில் ‘வே’. தாளில் பார்க்க அழகாக இருந்தது. அரை மணி நேரம் செலவழித்தேன். ஆனால் எந்த நீர்நாய்க் குட்டி ‘மெய்தான்’ என்று பேசும்? கவலை என்பது வேதனையாக வளர்ந்து, சாதாரணமாகப் போகவேண்டிய காட்சியில் ஒரு துயரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

நேரம் பொருந்தும் வழியில் அதே வரி: “இருக்கும். ஆனால், அம்மா நம்மைத் தேடுவார்.” மூன்று எழுத்து, பிறகு ஒன்பது எழுத்து. ‘இருக்கும்’ மகர ஒற்றில் முடிவதால் வாய் மூடியிருக்கும் அந்த 18 பிரேம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. கவலைப்படுகிறார் என்பதைத் தமிழ்த் தாய்மார்களைப் பற்றி ‘தேடுவார்’ என்று சொன்னாலே போதும். அது சொல்லும் கவலையை எந்தக் குழந்தையும் புரிந்துகொள்ளும். நான் தேடாமலே ‘அம்மா’வும் ‘நம்மை’யும் உதடு மூடும் இடங்களுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன.

தாளில் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான். என் மனத்தை மாற்றியது பதிவறை.

எங்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம், பதிவு செய்யவேண்டியவை 140 வரிகள். வகுத்தால் ஒரு வரிக்கு 51 வினாடி. அதற்குள் குரல் கலைஞர் மூலத்தை ஒருமுறை கேட்கவேண்டும், தமிழை ஒருமுறை வாய்விட்டுப் பார்க்கவேண்டும், மூன்று பீப் ஒலிகளுக்குப் பிறகு பேசவேண்டும், ஒலிப்பதிவாளர் அதைப் படத்தோடு ஓட்டிக் காட்டவேண்டும். இரண்டு டேக் என்றால் நேரம் சரியாகப் போய்விடும். மூன்றாவது டேக் அடுத்த வரியின் நேரத்தைத் தின்கிறது. பேசுபவர் சிறுமி என்றால் இன்னொன்றும் சேர்கிறது: ஒரு மணி நேரம் தாண்டியதும் குரலில் களைப்பு தெரியும், அதன் பிறகு எத்தனை டேக் எடுத்தாலும் முன்பு பேசிய வரிகளோடு ஒட்டாது.

மேலே சொன்ன என் முதல் வரி ஏழு டேக் வாங்கியது. அந்தச் சிறுமிக்கு ‘வேதனைப்படுவார்’ ஓடவில்லை. ‘த’வில் ஒருமுறை, ‘ப்ப’வில் ஒருமுறை தடுக்கினாள். நான்காவது டேக்குக்குப் பிறகு டப்பிங் இயக்குநர், “கவலைப்படுவார் என்றே சொல்லும்மா” என்றார். சொன்னவுடன் ‘வே’ இருந்த இடத்தில் ‘க’ வந்து நான் பொருத்தி வைத்த உதடு கலைந்தது. “மெய்தான்” காதுக்கு உறுத்துகிறது என்று அதையும் “ஆமாம்” ஆக்கினார்கள். இப்போது வரியில் ‘பாவம் அம்மா’வைத் தவிர என் உழைப்பு எதுவும் மிச்சமில்லை, இரண்டாம் பகுதியின் நீளமோ ஓர் எழுத்து கூடுதலாகவே இருந்தது. இறுதியில் ஒலிப்பதிவாளர் வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டினார். இரண்டு மணி நேரம் முடிந்தபோது நாற்பது வரிகளுக்கு மேல் பாக்கி. இன்னொரு நாள் எல்லோரும் வரவேண்டியதாயிற்று.

உதடு பார்த்து எழுதிய வரியில் ஒரு சொல்லைத் தொட்டால் முழு வரியும் குலைகிறது. நேரம் பார்த்து எழுதிய வரியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே எழுத்தெண்ணிக்கையுள்ள இன்னொன்றை வைத்துவிடலாம். ‘தேடுவார்’ வாயில் வரவில்லையா, ‘திட்டுவார்’ என்று மாற்றினாலும் மூன்று எழுத்துதான். இப்போது நான் பிரதியின் வலப்பக்கம் ஓர் இடம் விட்டு, நீளமான சொற்களுக்கு அதே அளவுள்ள மாற்றுச் சொல்லை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மூன்றாம் பகுதியில் அதே சிறுமி, அதே இரண்டு மணி நேரம். எட்டு வரிகள்தான் மிஞ்சின. அவற்றில் ஐந்து சிரிப்பும் அலறலும், வசனமே இல்லை.

இந்த வழியிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. எண்ணிக்கை சரியாக இருந்தும் வரி நீண்டால் பெரும்பாலும் ஒற்றுகள்தான் காரணம். ‘கொண்டிருப்பார்’ போன்ற சொல்லில் எழுத்து நான்குதான், ஆனால் வாய்க்கு அது ஐந்தின் வேலை. இன்னொன்று, முடிவு. தமிழில் ஆம், இல்லை என்று பதில் வரும் வினா பெரும்பாலும் ஆகாரத்தில் முடியும். “நீயும் வருவாயா?” என்று எழுதினால் படத்தில் வாய் மூடிய பிறகும் அந்த ‘ஆ’ மூன்று நான்கு பிரேம் தொங்கும். “வருவாயா நீயும்?” என்று திருப்பினால் அதே ஆறு எழுத்து, முடிவில் உதடு மூடுகிறது. சொற்களை இப்படி இடம் மாற்றினாலும் பொருள் கெடாத மொழியில் எழுதுவது இந்த வேலையில் பெரிய வசதி. தொடக்கத்தில் குரல் வாய்க்கு முந்திவிடக் கூடாது. ஒரு பிரேம் பிந்தினால் யாரும் கவனிப்பதில்லை, முந்தினால் உடனே தெரிகிறது. சரிபார்க்க எனக்குத் தெரிந்த எளிய முறை, மூல ஒலியை அணைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடி நாமே வரியைப் பேசுவது. பேசி முடிந்தும் வாய் அசைந்தால் ஓர் எழுத்து கூட்டவேண்டும். மூச்சு முட்டினால் ஒரு சொல்லை எடுக்கவேண்டும்.

எதையும் முன்கூட்டித் திருத்தாமல் பதிவறையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற மூன்றாவது வழியும் புழக்கத்தில் இருக்கிறது. 51 வினாடிக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

உதடு ஒட்ட எழுதும் வழியைக் கட்டாயம் பின்பற்றவேண்டிய இடம், முகம் திரையை நிறைக்கும் நெருக்கக் காட்சி. அதிலும் முப்பரிமாணக் கணினி அனிமேஷனில் பெரும்பாலும் ஒலிக்கேற்ப உதடு நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அங்கே ‘போ!’ என்று அதட்டவேண்டிய உதடு அழுந்தி மூடியிருக்க, தமிழில் ‘ஓடு!’ என்று வந்தால் குழந்தைக்குக்கூடப் பொய் தெரியும். அப்படிப்பட்ட படங்களில் நான் செய்தது கொஞ்சம்தான், அதனால் முழுப் படத்துக்கும் எந்த வழி மேல் என்று அடித்துச் சொல்லமாட்டேன். நான் செய்தவரையில், ஒரு வரியில் கண்ணுக்குத் தெரியும்படி மூடும் உதடு ஒன்று அல்லது இரண்டுதான் இருந்தது. முதலில் நேரத்துக்கு எழுதி, பிறகு அந்த ஓரிரு இடங்களுக்கு மட்டும் பகரமோ மகரமோ உள்ள சொல்லைத் தேடினேன். பதிவறையில் மாற்றக் கூடாத அந்தச் சொற்களின் கீழ் கோடு போட்டுக் கொடுத்தேன்.