ஓட்டைக் கழற்றிப் போட்டு ஆளைக் காணேல்லை

நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட, அம்மாவின்ர குசினிக் கூரையை மாத்தி, பின்பக்கம் ஒரு பாத்றூமும் கட்டித்தரச் சொல்லி ஒரு கொந்துறாத்துக்காரரிட்டக் குடுத்தம். பேசினது 16 லட்சம். "சாமான் விலை ஏறமுதல் மரமும் சீமெந்தும் எடுத்து வைப்பம்" எண்டு 8 லட்சத்தை முற்பணமா வாங்கினார். 2022இல விலை ஏறின ஏற்றத்தைப் பாத்த சனத்துக்கு அது நியாயமான கதை. அதைச் சொல்லித்தான் அரைவாசிக் காசை முதலே கேக்கினம்.

முதல் கிழமை வேலை பறந்தது. பெடியள் வந்து ஓட்டைக் கழற்றி, சலாகையைப் பிடுங்கி, பழைய சுவரை இடிச்சு, அத்திவாரமும் வெட்டினாங்கள். ஒரு லோட் மணலும் 15 பை சீமெந்தும் இறங்கினது. அதோட சரி. மரம் அரியக் குடுத்திருக்கு எண்டார், மேசனுக்குக் காய்ச்சல் எண்டார், "நாளைக்கு வாறன் அம்மா" எண்டார். பிறகு ஃபோன் அடிக்கும், எடுக்கமாட்டார். கடைசியில ஃபோனே வேலை செய்யேல்லை.

இடிக்கச் செலவு கொஞ்சம்தான், ஆனா பாக்கிறவைக்குப் பெரிய வேலை நடந்தமாதிரித் தெரியும். கூரை இல்லாத வீட்டை வைச்சுக்கொண்டு அவரோட கோவிக்கவும் ஏலாது, அரைகுறை வேலையில கைவைக்க வேற மேசன்மாரும் பின்னடிப்பினம். மாரி துவங்க அம்மா தறப்பாளுக்குக் கீழ இருந்து சமைச்சா. சீமெந்துப் பையள் ஈரம் குடிச்சு கல்லாப் போச்சு.

வேறொரு மேசன் வந்து பாத்து, நடந்த வேலையும் சாமானும் ஒண்டரை லட்சத்தைத் தாண்டாது எண்டார். அந்த மணலும் சீமெந்தும்கூட எங்கட வீட்டு விலாசத்தைச் சொல்லிக் கடனுக்கு எடுத்ததாம். ஹாட்வெயார்க்காரர் காசு கேட்டு வந்தாப் பிறகுதான் தெரியும். இடிச்ச பெடியளுக்கும் கூலி பாக்கி.

பொலிசில, இது குடுக்கல் வாங்கல் பிரச்சினை, இணக்க சபைக்குப் போங்கோ எண்டிச்சினம். அங்க அவரின்ர முழுப்பேரும் விலாசமும் வேணும். அடையாள அட்டைப் பிரதி வாங்காம ஆருக்கும் காசு குடுக்காதேங்கோ. காசைக் கையில குடுக்காமல் வங்கியில போடுங்கோ, அவர் அனுப்பின குரல் பதிவுகளை அழிக்காதேங்கோ.

புது மரமும் ஓடும் முற்றத்தில இறங்கும் வரைக்கும் பழைய ஓட்டில கைவைக்க விடாதேங்கோ. சாமானை நீங்களே ஹாட்வெயாரில காசு கட்டி எடுங்கோ, அவருக்குக் கூலி மட்டும். அதையும் அத்திவாரம், பீம், கூரை, பூச்சு எண்டு பிரிச்சு, ஒவ்வொண்டும் முடிய முடியக் குடுங்கோ. வெளிநாட்டில இருந்து காசு அனுப்புற பிள்ளையள், இடிச்ச சுவரின்ர படத்தைப் பாத்து அடுத்த தவணையை அனுப்பாதேங்கோ. கட்டின சுவரை, ஊரில இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் நேரில பாக்கட்டும்.

எங்கட வேலையை இப்ப எடுத்திருக்கிற மேசன் இந்த முறைக்கு உடனே ஓம் எண்டிட்டார். மரம் வந்திட்டுது.