ரூ.24,500 கொடுத்து வாங்கிய படத்தில் சுவிட்ச்போர்டு கதவுக்குப் பின்னால்!

கையில் இன்னும் சிமெண்டுத் தூசி போகவில்லை. கோபம் ஆறியதும் எழுதுங்கள் என்றாள் மனைவி. ஆறினால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். வீட்டு உள்வேலைக்கு 3டி படம் போட்டு வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

திருச்சியில் எங்கள் பழைய வீட்டை இடித்து மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. வேலை தொடங்கும் முன் எப்படி வரும் என்று பார்த்துவிடலாம் என்று, டிசைனர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு செயலியில் தேடினேன். பெயர் சொல்லப் போவதில்லை. அதில் வந்த ஒருவர் ஆறு படங்களுக்கு ரூ.24,500 கேட்டார். மற்றவர்கள் அதில் பாதிதான் கேட்டார்கள். அப்புறம் ஏன் இவரிடம் போனேன் என்றால், அவர் அனுப்பிய மாதிரிப் படம்தான் காரணம்.

அந்தப் படத்தில் ஒரு கட்டில், பக்கத்தில் சின்ன மேசை. மேசைக்குச் சற்று மேலே ஒரு பிளக் பாயிண்ட், அதிலிருந்து போன் சார்ஜ் ஏறுகிறது. பக்கத்திலேயே படுத்தபடி கையை நீட்டி விளக்கை அணைக்க ஒரு சுவிட்ச். கதவு அருகில் தாழ்ப்பாள் பக்கமாக ஒரு போர்டு, அதில் மின்விசிறி ரெகுலேட்டர்கூடத் தெரிந்தது. சோபாவும் திரைச்சீலையும் எல்லோரும்தான் போடுகிறார்கள். ரெகுலேட்டர் வரை யோசிக்கிற ஆள் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். போனில் அவரே, "சார், எங்க படத்துல சுவிட்ச் எங்க இருக்கோ அங்கேயே எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் ரூ.24,500. பாதி முன்பணம், மீதி படத்தின் குறுக்கே இருந்த எழுத்தை எடுப்பதற்கு முன்பு. முழுப் பணமும் போய்ச் சேர்ந்த பிறகே தெளிவான படம் வந்தது.

படம் அழகாகத்தான் இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனில் காட்டினேன். அவர் படுக்கையறைக் கதவுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இங்கேயா?" என்று ஒருமுறை கேட்டார். "படத்துல இருக்கிற மாதிரியே போடுங்கண்ணே" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். இரண்டு நாளில் சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, பாக்ஸும் வைத்துவிட்டார். மூன்றாம் நாள் தச்சர் வந்து கதவை மாட்டித் திறந்தார். திறந்த கதவு நேராகப் போய் சுவிட்ச் பாக்ஸை மூடிக்கொண்டது.

கீல் இருக்கும் பக்கம் போர்டை வைத்திருக்கிறார்கள்! இருட்டில் அறைக்குள் நுழைகிறவன் உள்ளே வந்து, கதவை மறுபடி சாத்தி, அதன் பின்னால் துழாவித்தான் விளக்கைப் போட வேண்டும். படத்தில் இது ஏன் தெரியவில்லை என்றால், படத்தில் கதவு மூடியே இருந்தது.

சரி, தாழ்ப்பாள் பக்கம் மாற்றிவிடலாம் என்று அண்ணன் டேப்பை எடுத்தார். அங்கேதான் இன்னொரு அடி. கதவு நிலைக்கும் அலமாரி வரப்போகும் இடத்துக்கும் நடுவில் 4 அங்குலம்தான் இருக்கிறது. படுக்கையறைக்கு நாலு சுவிட்ச், ஒரு பிளக், ஒரு ரெகுலேட்டர் என்று போட்டால் 8 மாடியூல் பிளேட் வேண்டும். அது நீளவாக்கில் சுமார் 9 அங்குலம். நிலையை ஒட்டி வைக்க முடியாது, நிலையின் மேல் அடிக்கும் மரப்பட்டிக்கும் இடம் விட்டு 6 அங்குலமாவது தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆக, சுவிட்சுக்காக அலமாரி கிட்டத்தட்ட ஒரு அடி குறைய வேண்டும். சுவிட்ச் என்பது படத்தின் கடைசியில் ஒட்டுகிற பொட்டு இல்லை, அது அலமாரியின் அளவையே தீர்மானிக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அலமாரிக்கு ஏற்கெனவே பலகை அறுத்தாயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு படமாக எடுத்து, அண்ணனோடு உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. கட்டிலின் தலைமாட்டுப் பலகை 4 அடி உயரம். இரண்டு பிளக்கும் தரையிலிருந்து ஒரு அடியில், அந்தப் பலகைக்கு நேர் பின்னால். பலகையின் ஓரத்தில் பாதிப் பிளேட் எட்டிப் பார்த்ததால் படத்தில் ஏதோ இருப்பது போலத் தெரிந்தது. அது மேசையின் மேல்மட்டத்துக்கு அரை அடி மேலே, தரையிலிருந்து இரண்டேகால் அடி வாக்கில், பலகைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். சமையலறையில் ஒரு பிளக் சரியாக அடுப்புக்குப் பின்னால், இன்னொன்று குழாயை ஒட்டி. மிக்ஸி வைக்கும் மூலையில் ஒன்றுமே இல்லை. ஹாலில் மின்விசிறி தொங்குகிறது, நான்கு சுவரிலும் தேடினாலும் ரெகுலேட்டர் இல்லை. பிளக் துளைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு தட்டையான கோடு, கீழே ஒரு அரைவட்டம். அமெரிக்காவில் போடுகிற பிளக்! நம் ஊரில் மூன்று உருண்டைத் துளை என்பது இந்தப் படம் போட்டவருக்குத் தெரியாதா, இல்லை கண்ணிலேயே படவில்லையா?

எல்லாவற்றையும்விடக் கேவலம் குளியலறை. எக்ஸாஸ்ட் ஃபேன் படுக்கையறையைத் தொட்ட சுவரில் இருக்கிறது. போட்டால் குளியலறை ஈரமும் நாற்றமும் நேரே கட்டிலுக்கு வரும். வெளிச்சுவர் அந்தப் பக்கம் சும்மா கிடக்கிறது. படுக்கையறை ஸ்பிளிட் ஏசியும் அதே கதைதான், வெளிச்சுவருக்கு எதிர்ச்சுவரின் நட்டநடுவில். தண்ணீர் போகும் குழாய் சரிவாக இறங்கி வெளியே போக வேண்டுமே, அறை முழுக்கக் குறுக்கே எப்படிப் போகும்? போதாக்குறைக்கு ஃபால்ஸ் சீலிங்கில் பெரிய ஓட்டல்களில் இருப்பது போல நீளமாக ஒரு காற்றுச் சல்லடை. அதன் பின்னால் எந்த இயந்திரமும் இல்லை.

என் சித்தப்பா மகன் இதே 3டி வேலைதான் செய்கிறான். படங்களைப் பார்த்ததும் சிரித்தான். "அண்ணா, இதெல்லாம் சாஃப்ட்வேர் லைப்ரரில ரெடியா கிடைக்கிற சாமான். படம் முடிஞ்சதும் சுவர் எங்க வெறுமையா தெரியுதோ அங்க ஒண்ணைப் போட்டுட்டா, படம் நிஜம் மாதிரி ஆயிடும். இவர் கேமராவுக்கு எந்தச் சுவர் தெரியுதோ அதுல எல்லாம் போட்டிருக்கார்" என்றான். அப்போதுதான் எல்லாம் பொருந்தியது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் உள்சுவரில்? கேமரா வெளிச்சுவரில் நின்று உள்சுவரைப் பார்க்கிறது. ஏசியும் அப்படித்தான்.

அவன் எப்படிச் செய்வான் என்று கேட்டேன். முதலில் மேலிருந்து பார்க்கும் பிளானில் எல்லாக் கதவையும் திறந்து வைப்பானாம், சாமான்களையும் போட்டுவிடுவானாம். அதன் பிறகு வாசலிலிருந்து ஆள் நடந்து வருவது போல அறைக்குள் போய், கை முதலில் எங்கே போகும், மிக்ஸி எங்கே உட்காரும், படுத்தால் போன் எங்கே இருக்கும் என்று ஒவ்வொரு இடமாகக் குறிப்பான். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் ஏசியும் எக்ஸாஸ்டும். சுவிட்ச்போர்டு எல்லாம் 4 அடி என்றால் வீடு முழுக்க ஒரே 4 அடி, ஒன்றை நகர்த்தினால் எல்லாம் நகர்கிற மாதிரி இணைத்து வைப்பான். கேமரா வைப்பது கடைசியில்தானாம். படத்தில் ஒரு பிளக் தெரியாவிட்டால் தெரியாமலே போகட்டும் என்றான். இது எனக்குப் பிடித்திருந்தது.

படம் போட்டவரைக் கூப்பிட்டேன். முதல் நாள், "சார், அது ரெஃபரன்ஸ் படம்தானே, சைட்ல பார்த்துப் போட வேண்டியது உங்க எலக்ட்ரீஷியன் பொறுப்பு" என்றார். படத்தில் இருக்கும் இடத்திலேயே வெட்டலாம் என்று சொன்னது நீங்கள்தானே என்றால், "அது ஒரு பேச்சுக்கு சார்." இரண்டாம் நாள், நான் படத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டதால் திருத்தத்துக்கு ஒரு படத்துக்கு ரூ.1,500 என்றார். மூன்றாம் நாளிலிருந்து போன் எடுப்பதில்லை. மாதிரிப் படத்தைப் பற்றிக் கேட்டு மெசேஜ் போட்டேன். "டீம் ஒர்க் சார்" என்று மட்டும் வந்தது. அது அவர் போட்டதே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

செயலியின் புகார்ப் பகுதி இன்னும் மோசம். வேலை ஒப்படைக்கப்பட்டது, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார், ஆகவே புகார் முடிக்கப்பட்டது என்று நான்கு வரி. மறுபடி எழுதினேன், அதே நான்கு வரி. ஆறு படத்தின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதாம். சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருப்பது "வடிவமைப்பு விருப்பம்" ஆம். யாருடைய விருப்பம்?

ரூ.24,500 போனது போனதுதான். அதற்கு மேல் புதிதாகக் காடி வெட்ட, பழையதை அடைத்துப் பூச, வீணான பலகை என்று இதுவரை ரூ.11,000 ஆகிவிட்டது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், மேஸ்திரி கீழே இருந்து கூப்பிடுகிறார், அதனால் சுருக்கமாக. படத்தை மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று பார்ப்பது போல ஒரு படம் கேளுங்கள், அதில் ஒவ்வொரு பிளேட்டுக்கும் தரையிலிருந்து எவ்வளவு, நிலையிலிருந்து எவ்வளவு என்று அளவு எழுதியிருக்க வேண்டும். தரை என்றால் டைல்ஸ் போட்ட பிறகு வரும் தரை. இப்போது இருக்கும் தரையிலிருந்து அளந்தால் இரண்டு மூன்று அங்குலம் தவறும், மேஸ்திரி டியூப் லெவல் வைத்துச் சுவரில் அடித்த கோட்டிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். கதவுகளைத் திறந்து வைத்து ஒரு படம் கேளுங்கள். மின்விசிறியை எண்ணி, அத்தனை ரெகுலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மற்றதையும் யோசிக்காமல்தான் போட்டிருப்பார்கள். மீதிப் பணத்தை உங்கள் எலக்ட்ரீஷியன் படத்தைப் பார்க்கும் வரை கொடுக்காதீர்கள். அவர் "இங்கேயா?" என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எக்ஸாஸ்டுக்கு வெளிச்சுவரில் ஓட்டை போடுகிறார்கள், நான் போக வேண்டும்.