லேயர் இருக்கிறது என்று நம்பி ரூ. 18,500-ஐ இழந்த கதை: படத்திருத்த வேலையை வெளியே கொடுப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று இரவுதான் ஏமாந்தது உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் பித்தளைப் பொருட்களைப் படம் பிடித்துத் தரும் சிறு ஸ்டூடியோ நடத்துகிறேன். கடைக்காரர் ஒருவருக்காக எடுத்த 25 படங்களில், மேசைமேல் இருந்த பழைய குத்துவிளக்கை எடுத்துவிட்டுப் புதிய மாதிரி விளக்கை வைக்க வேண்டியிருந்தது. பழைய விளக்கு மறுபடியும் விற்பனைக்கு வரக்கூடும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆகவே, வேண்டும்போது பழைய விளக்கைத் திரும்பக் கொண்டுவரும்படி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனி லேயர்களோடு ஃபோட்டோஷாப் கோப்புகள் இருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. பகுதிநேர வேலையாட்களைப் பிடித்துத் தரும் ஓர் இணையதளத்தின் வழியாக ஒருவரை அமர்த்தினேன். படத்துக்கு ரூ. 740 வீதம், மொத்தம் ரூ. 18,500.

அவர் அனுப்பிய மாதிரிக் கோப்பு என்னை வாயடைக்க வைத்தது. அடியில் மூலப்படம், மூலப் பிக்சல்களை உள்ளே பத்திரமாக வைத்திருக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, யார் கையும் படாமல் இருந்தது. அதன்மேல் ஒரு வெற்று லேயர்; படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் தீட்டும் குளோன் ஸ்டாம்பின் மேற்பட்டையில் Current & Below என்று வைத்துக்கொண்டு, பழைய விளக்கை மறைக்கும் மேசைப்பரப்பை அந்த வெற்று லேயரில் மட்டும் தீட்டியிருந்தார். அதற்கும் மேலே புதிய விளக்கு இன்னொரு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். அதன் ஓரங்களை அழிக்காமல் மாஸ்க்கால் மறைத்திருந்தார். நிழல் தனி லேயர், நிறத்திருத்தம் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். புதிய விளக்கு, நிழல், தீட்டிய லேயர் மூன்றின் கண் குறிகளையும் அணைத்தால் பழைய விளக்கு அப்படியே தோன்றியது. அந்த ஒரு கோப்பைப் பார்த்தே முழுத் தொகையையும் விடுவித்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மீதி 24 கோப்புகளில் மூன்றைத் திறந்து, லேயர் பெயர்கள் ஒழுங்காக இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கடைக்காரர் பழைய விளக்கைக் கேட்டபோது கண் குறிகளை அணைத்தேன். வந்தது வெறும் மேசை. பழைய விளக்கு எங்கும் இல்லை. மேசைப்பரப்பை மூலப்படத்தின் மீதே தீட்டி, அந்தப் படத்தை அப்படியே சேமித்திருக்கிறார். அடியிலிருந்த ஸ்மார்ட் ஆப்ஜெக்டை இரட்டைச் சொடுக்கில் திறந்தபோது, விளக்கு ஏற்கெனவே அழிக்கப்பட்ட ஒற்றைப் படம்தான் உள்ளே இருந்தது. தட்டையான படத்தைக் கடைசியில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றினாலும் லேயர் பலகையில் அதே குறிதான் தெரியும், போனது திரும்பாது.

புதிய விளக்கிலும் அதே மோசடி. அதைச் சற்றுப் பெரிதாக்கியதுமே மங்கியது. திறந்து பார்த்தால் 600 பிக்சல் உயரமே இருந்தது. நான் கொடுத்த படத்தை முதலில் சாதாரண லேயராகச் சுருக்கி, பின்னர் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றியிருக்கிறார். சுருக்கும் முன்பே மாற்றியிருந்தால் முழு அளவும் உள்ளே பத்திரமாக இருந்திருக்கும். மாஸ்க்குகளும் இல்லை, Apply Layer Mask கொடுத்து ஓரப் பிக்சல்களையே வெட்டி எறிந்திருக்கிறார்.

என்னிடம் மூலப்படங்கள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அவர் ஒவ்வொரு படத்தையும் சற்றே சாய்த்து, வெட்டி, நிறத்தைப் படத்தோடு கலந்துவிட்டதால், மூலத்தை அடியில் வைத்தால் மேசை விளிம்புகூடப் பொருந்தவில்லை. 24 படங்களையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ரூ. 18,500 போனதோடு என் இரண்டு வார உழைப்பும் போகிறது.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "கோப்பில் லேயர்கள் உள்ளனவே, சார்?" என்பதுதான். இரண்டாம் முறை, மூலத்தை அழிக்கக் கூடாது என்று நான் 'தெளிவாக' எழுதவில்லை என்றார். எழுதிய செய்தியைப் படம் பிடித்து அனுப்பினேன். அதன்பின் பதிலே இல்லை. இணையதளத்தின் உதவிப் பிரிவோ, 14 நாள் ஆட்சேபக் காலம் முடிந்துவிட்டது, ஆணை 'நிறைவுற்றது' என ஏற்கப்பட்டுவிட்டது என்று ஒரே வாசகத்தை மூன்று முறை ஒட்டி அனுப்பியது. ரூ. 18,500-க்கு மூன்று ஒட்டுகள்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. பணம் விடுவிக்கும் முன் எல்லாக் கோப்புகளையும் திறந்து, மாற்றிய பொருளின் லேயர்களை அணைத்துப் பழைய பொருள் வருகிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்டை இரட்டைச் சொடுக்கில் திறந்து அதன் பிக்சல் அளவை நீங்கள் கொடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஷிஃப்டை அழுத்தியபடி மாஸ்க்கைச் சொடுக்கினால் மறைந்திருந்த ஓரம் தெரிய வேண்டும். மாஸ்க்கே இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மாதிரிக் கோப்பை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். அந்த 24-இல் திரும்பச் செய்ய எனக்கு இன்னும் 22 படங்கள் பாக்கி இருக்கின்றன.