நாற்பது பிக்சலில் அப்பாவின் முகம்: பெரிதாக்க எந்த வழி சரி?

கல்யாணப் படத்தில் இறந்துபோன அப்பாவைச் சேர்த்துத் தரச் சொல்லி மட்டக்களப்புப் பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு வருகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கடற்கரை ஊர்களில் 2004 சுனாமியோடு அல்பமும் போய்விட்ட வீடுகள் நிறைய, அதனால் கையில் இருப்பது பெரும்பாலும் யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு கோயில் திருவிழாப் படம்தான். அதில் இருபது பேர் வரிசையாக நிற்பார்கள், அப்பா ஓரத்தில் நிற்பார். இந்த முகத்தை எப்படிப் பெரிதாக்குவது என்பதில் மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. எது எங்கே உதவும், எது ஆளையே மாற்றிவிடும் என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. வட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கும். இருபது பேருக்கு அதைப் பங்கிட்டால் ஆளுக்கு 80, முகத்தின் அகலம் 40 பிக்சல் தேறும். ஜேபெக் சுருக்கமோ படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டித்தான் வேலை செய்கிறது, ஆக முழு முகமும் குறுக்கே ஐந்து கட்டம், ஒரு கண் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. நிற விபரம் இன்னும் மோசம், வழக்கமாக அது பாதியாகக் குறைக்கப்படுவதால் ஒரு நிறக் கட்டம் பதினாறு பிக்சல் அகலத்துக்குப் பரவும், உதட்டின் நிறம் நாடிவரை கசியும். கண்ணிமை மடிப்பு, மச்சம், மூக்கின் விளிம்பு எல்லாம் இங்கேதான் தொலைகின்றன, பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைத் தேடி எடுக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

இனித் தேவை எவ்வளவு என்று பாருங்கள். 12க்கு 8 அங்குலப் படம், 300 டிபிஐயில் 3600க்கு 2400 பிக்சல். அதில் அம்மாவின் முகம் 2.2 சென்ரிமீற்றர் அகலம் என்றால் 260 பிக்சல். பக்கத்தில் நிற்கப்போகிற அப்பாவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வேண்டும். 40ஐ 260 ஆக்குவது ஆறரை மடங்கு, அது ஊகம் நிறைந்த வேலை. அதே படத்தின் மூலக் கோப்பு எடுத்தவரின் போனில் இன்னும் இருந்தால், 12 மெகாபிக்சல் கமரா என்றால் 4000 பிக்சல் அகலம், முகம் 100 பிக்சல். பெருக்கம் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலே என்று இறங்கிவிடுகிறது. அதனால் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கோல் எடுத்து, படத்தை ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். கனடாவில் மாமா வீட்டில் அச்சுப் படம் இருந்தால் அதைப் போனால் படம் பிடிக்காமல் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். 35க்கு 45 மில்லிமீற்றர் பாஸ்போட் அளவுப் படம் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தாலே 827 பிக்சல் அகலம் வந்துவிடும், அதில் முகமே பாதிக்கு மேல், பிறகு பெரிதாக்க என்ன இருக்கிறது?

சரி, வேறு படம் இல்லை, இதுதான் என்றால் மூன்று வழிகளுக்கு வருவோம்.

முதலாவது பழைய வழி, போட்டோஷொப்பின் Image Size பெட்டியில் Bicubic Smoother அல்லது Preserve Details 2.0. இது புதிதாக முகம் எதையும் கண்டுபிடிக்காது, இருப்பதை மழமழப்பாக விரிக்கும், ஆனால் ஜேபெக் கட்டங்களையும் சேர்த்தே பெரிதாக்கும். இரண்டு மடங்குவரை நம்பலாம், அதற்கு மேல் முகம் பனிமூட்டத்துக்குள் போய்விடும். ஆனாலும் ஆள் அவர்தான்.

இரண்டாவது Real-ESRGAN வகை, செயற்கை நுண்ணறிவால் முழுப் படத்தையும் பெரிதாக்குகிற கருவிகள். காசில்லாத Upscayl மென்பொருளுக்குள் இருப்பதும் இந்த இனம்தான். கட்டளையாக ஓட்டுவதென்றால்:

```
realesrgan-ncnn-vulkan.exe -i appa.jpg -o appa4x.png -n realesrgan-x4plus
```

ஜேபெக் கட்டங்களைத் துடைப்பதில் கெட்டிக்காரன். 100 பிக்சல் முகம் 400 ஆகும், அதை 260க்குச் சுருக்கும்போது அது செய்த சின்னச்சின்னக் கோளாறுகளும் மறையும். குறை என்னவென்றால் தோலை மெழுகு பூசின மாதிரி ஆக்கும், நரைத்த மீசையை ஒரே தூரிகை இழுப்பாக்கிவிடும். 40 பிக்சல் முகத்தில் கண்ணைக் கோணலாக்கவும் செய்யும்.

மூன்றாவதுதான் வாடிக்கையாளரின் கண்ணைப் பறிப்பது: GFPGAN, CodeFormer போன்ற முகச் சீரமைப்பான்கள். இவை முகத்தை 512 பிக்சல் கட்டத்துக்குள் நிறுத்தி, முன்பு படித்த முகங்களின் நினைவிலிருந்து புதிதாக வரைகின்றன. படித்தவை FFHQ என்ற தொகுப்பிலுள்ள 70,000 முகங்கள், Flickr இணையதளத்திலிருந்து எடுத்தவை. களுவாஞ்சிகுடியில் வயலும் வெயிலுமாக இருந்த ஒரு மனிசனின் முகம் அதற்கு எவ்வளவு பழக்கம் என்று யோசித்துப் பாருங்கள். நெற்றியில் பூசிய விபூதியின் மூன்று கோட்டை அது சுருக்கமாக நினைத்து மடிப்பு போடும், இல்லையென்றால் துடைத்தே விடும். வெற்றிலைக் காவிப் பல்லை வெள்ளை வெளேரென்று ஆக்கும். மச்சம் போய்விடும். படம் பார்க்க அழகாக இருக்கும், வீட்டுக்காரம்மா மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, “மகன், இது எங்கட அவர் இல்ல, அவர்ட தம்பி மாதிரிக் கிடக்கு” என்பார்.

CodeFormerஇல் இதைக் கட்டுப்படுத்த ஒரு பிடி இருக்கிறது, `-w`. பூச்சியத்துக்குக் கிட்டப் போனால் படம் பளிச், ஒன்றுக்குக் கிட்டப் போனால் மூலத்துக்கு விசுவாசம்.

```
python inference_codeformer.py -w 0.8 --input_path appa.jpg
```

என் தெரிவு, 100 பிக்சல் முகம் கிடைத்தால் இரண்டாவது வழியை அடித்தளமாக வைத்து, மூன்றாவதை மேல் லேயராகப் போட்டு, மாஸ்க் பண்ணி, கண்ணுக்கும் இமைக்கும் மட்டும் முப்பது, நாற்பது வீதம் விடுவது. நெற்றி, பல், மீசை, மச்சம் எல்லாம் கீழே இருப்பதே நிற்கட்டும்.

சோதிப்பதற்கு, வந்த முகத்தைத் திரும்ப 100 பிக்சலுக்குச் சுருக்கி, மூலத்தின் மேல் வைத்து லேயரை அணைத்து அணைத்துப் போடுங்கள். கண் துள்ளினாலோ வாய் அகன்றாலோ கருவி பொய் சொல்லியிருக்கிறது. துள்ளாவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை, ஏனென்றால் ஒரே மங்கல் படத்துக்குள் சுருங்கக்கூடிய முகங்கள் ஏராளம். 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட PULSE என்ற முகம் பெரிதாக்கும் கருவி, ஒபாமாவின் மங்கலாக்கிய படத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரரை உருவாக்கிக் கொடுத்தது அப்படித்தான். ஆகவே கடைசிச் சோதனை அவரோடு வாழ்ந்தவரின் கண், அதையும் ஒட்டும் முன், முகத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள்.

ஒட்டும் முன் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேர்த்த பிறகு சீரமைப்பானை ஓட்டினால் அது படத்திலுள்ள எல்லா முகத்தையும் பிடித்துப் பொம்பிளை, மாப்பிள்ளையையும் திருத்தி வரையும், ஒட்டின விளிம்பையும் உண்மையான விளிம்பென்று நினைத்துக் கூராக்கும். முகத்தைத் தனியாக முடித்து, தேவையான அளவுக்குச் சுருக்கி, பிறகு வையுங்கள். வைத்தபின் முழுப் படத்துக்கும் Add Noiseஇல் Monochromatic போட்டு ஒன்று, இரண்டு வீதம் தூவினால் மெழுகுத் தோலும் கமராத் தோலும் ஓரளவு ஒன்றாகும். அப்பாவைக் கூராக்கி அம்மாவுக்கு இணையாக்கப் பார்ப்பதைவிட அம்மாவின் கூர்மையைக் கொஞ்சம் தணிப்பது எப்போதும் நல்ல பலன் தரும்.

மூலக் கோப்பும் இல்லை, அச்சும் இல்லை, அந்த 40 பிக்சல்தான் என்றால் பக்கத்தில் நிறுத்தவே நான் சம்மதிக்கமாட்டேன். Real-ESRGANஇல் நான்கு மடங்காக்கினால் 160 பிக்சல், அச்சில் 1.35 சென்ரிமீற்றர் முகம். அந்த அளவில் ஒரு நீள்வட்டச் சட்டம் போட்டு, படத்தின் மேல் மூலையில் வைத்துக் கொடுக்கலாம், அதற்கு அது போதும்.