210 கிராம் பெட்டியைத் தூக்க முடியாத 7 கிலோ கணக்கு: வேக்குவம் பம்பும் சக்‌ஷன் கப்பும், இரண்டு வருட அனுபவம்

போன வாரம் சிவகாசியிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். பிரிண்டிங் முடிந்து மடித்து ஒட்டிய அட்டைப்பெட்டிகளை அடுக்கிலிருந்து எடுத்து வைக்க அவரும் ஒரு சின்ன ரோபோ கை வாங்கிவிட்டார். "அண்ணே, என்ன சைஸ் கப் வாங்கட்டும், எந்த பம்ப் வாங்கட்டும்? நீங்க வச்சிருக்கிறதையே சொல்லுங்க, நானும் அதையே வாங்கிடறேன்" என்றார். அன்று காலையில்தான் என் பம்பைக் கழற்றி, பழுது பார்த்து, மறுபடி மாட்டியிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது ஆன்லைன் ஆர்டர்களுக்கு பேக்கிங் செய்துகொடுக்கும் சின்ன யூனிட். மடித்துத் தட்டையாகக் கிடக்கும் மூணு பிளை பெட்டிகளை, அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். பெட்டி 450க்கு 350 மில்லிமீட்டர், எடை 210 கிராம். கை ஒன்றரை கிலோ தூக்கும். அதில் பெட்டியை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப்புகள் மாட்டிய அலுமினியச் சட்டமே அரை கிலோவைத் தின்றுவிடும். அது போக மீதியும் இந்தப் பெட்டிக்குத் தாராளம்.

நான் முதலில் போட்ட கணக்கு எல்லாரும் போடுவதுதான். வெற்றிடம் எவ்வளவு ஆழம் என்பதைக் கிலோபாஸ்கலில் (kPa) சொல்வார்கள். ஒரு கிலோபாஸ்கல் வெற்றிடம், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு என்றால் சுமார் 10 கிராம் தூக்கும். 20 மில்லிமீட்டர் கப்பின் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். 60 கிலோபாஸ்கல் கிடைத்தால் ஒரு கப் 1.9 கிலோ, நாலு கப் ஏழரை கிலோ. பாதுகாப்புக்கு நாலால் வகுத்தாலும் கிட்டத்தட்ட 1.9 கிலோ. பெட்டியோ 210 கிராம். பம்பின் லேபிளில் `-80 kPa` என்று பெரிதாகப் போட்டிருந்தது. நிமிடத்துக்கு 5 லிட்டர் இழுக்கும் சின்ன டயஃப்ரம் பம்ப் அது. நம்பி வாங்கினேன்.

பெட்டியைத் தூக்கியது. தூக்கிக்கொண்டு கை திரும்பியதும் முன் விளிம்பு தொங்கியது, ஒரு கப்பின் உதடு மெதுவாகப் பிரிந்து 'உஸ்' என்றது, அடுத்த நொடி பெட்டி தரையில் கிடந்தது. நாலு கப்பும் ஒரே ஹோஸில் இருந்ததால் ஒன்று திறந்ததும் மற்ற மூன்றும் கைவிட்டன. பத்துப் பெட்டி எடுத்தால் நாலு பெட்டியாவது விழும்.

கப்புகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வேக்குவம் கேஜை மாட்டினேன். நாலு கப்பையும் உள்ளங்கையாலும் கண்ணாடித் துண்டாலும் அடைத்தால் முள் 78க்குப் போகிறது. அதே கப்புகளைப் பெட்டி மேல் வைத்தால் 5. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், 5தான். அந்த 5 கிலோபாஸ்கலில் நாலு கப்பும் சேர்ந்து தூக்குவது சுமார் 630 கிராம். அசையாமல் நின்றால் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். கை வேகம் எடுத்து, விளிம்பு தொங்கி, ஒரு மூலையில் மட்டும் பாரம் விழும்போது அது போதாது.

இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம் அட்டைதான். மூணு பிளை அட்டை காற்றை விடும். மேல் காகிதத்துக்கும் அடிக் காகிதத்துக்கும் நடுவில் அலை அலையாக மடிந்த காகிதம் இருக்கும், அதுதான் நெளிவு. மேல் காகிதம் வழியாக அந்த நெளிவுகளுக்குப் போகும் காற்று பக்கவாட்டில் விளிம்பு வரைக்கும் ஓடுகிறது. போதாததற்கு மேல்பரப்பில் நெளிவின் வரிகள் லேசாக எழும்பி நிற்பதால், தட்டையான கப்பின் உதட்டுக்கு அடியிலும் சந்து இருக்கிறது. ஆக, பம்ப் எவ்வளவு ஆழமான வெற்றிடம் கொடுக்கும் என்ற கேள்விக்கே இங்கே வேலை இல்லை. கசிகிற காற்றுக்கு ஈடாக எவ்வளவு இழுக்கும் என்பதுதான் கேள்வி. லேபிளில் இருக்கும் 80 எதையும் இழுக்காமல் வாயடைத்து நிற்கும்போது வரும் எண். அதே லேபிளின் 5 லிட்டர் எதிர்ப்பே இல்லாமல் திறந்து கிடக்கும்போது வரும் எண். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் 20, 30 கிலோபாஸ்கலில் எத்தனை லிட்டர் என்பது. அதை லேபிளில் போடுவதில்லை. கடையில் கேட்டேன், "80 இருக்கு சார், எதையும் தூக்கும்" என்றார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் அந்தப் பம்பையே வாங்கியிருக்க மாட்டேன்.

அந்த 5 என்ற முள்ளை வைத்தே அடுத்த பம்பைக் கணக்கிட்டேன். 5 கிலோபாஸ்கலில் பம்பின் கிட்டத்தட்ட முழு 5 லிட்டரும் கசிவுக்கே போகிறது. அட்டையில் கசிவு ஏறக்குறைய வெற்றிடத்தோடு சேர்ந்து கூடும். 20 வேண்டுமென்றால் 20 லிட்டர் இழுக்க வேண்டும், அதுவும் 20 கிலோபாஸ்கலில் நிற்கும்போதே. டயஃப்ரம் பம்பில் திறந்த ஓட்டத்திலிருந்து, 80ல் பூஜ்யம் வரை ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டால் தோராயமாகச் சரியாக வரும். அப்படிப் பார்த்தால் 20ல் கால்வாசி ஓட்டம் போய்விடும். அதனால் திறந்த ஓட்டம் குறைந்தது 27 லிட்டர் வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று 40 லிட்டர் பம்ப் வாங்கினேன்.

மாட்டியதும் கப் பக்கம் 15தான் காட்டியது. பம்ப் பக்கத்தில் இன்னொரு கேஜ் வைத்தால் அங்கே 50. நடுவில் 35 கிலோபாஸ்கலைத் தின்றது பழைய ஹோஸ். வெளி விட்டம் 4 மில்லிமீட்டர், உள்துளை இரண்டரைதான். 5 லிட்டருக்கு அது பெரிய தொந்தரவு கொடுக்கவில்லை. ஓட்டம் கூடும்போது இழப்பு அதன் வர்க்கமாக ஏறுகிறது. உள்துளை 6 மில்லிமீட்டர் ஹோஸ் போட்டேன். பம்ப் பக்கம் 28, கப் பக்கம் 26. கேஜைப் பம்பின் மேல் மட்டும் மாட்டியிருந்தால், பழைய ஹோஸில் 50 காட்டுகிறதே என்று மகிழ்ந்துகொண்டு பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

கப்பின் சைஸ் அதற்கு அப்புறம்தான் முக்கியம். பெரிய கப் போட்டால் விசை கூடும் என்று நினைப்போம். ஆனால் கசிவு அட்டை வழியாகவே நடந்து, பம்பும் முழு ஓட்டத்தில் திணறிக்கொண்டிருந்தால், கப் பெரிதாகும் அளவுக்குக் கசிவும் கூடி வெற்றிடம் இறங்கிவிடும். விசை இருந்த இடத்திலேயே நிற்கும். பம்பில் மிச்சம் இருந்தால் மட்டுமே பெரிய கப்புக்குப் பலன். 40 லிட்டரில் அந்த மிச்சம் இருந்தது. துருத்தி போலச் சுருங்கும் 30 மில்லிமீட்டர், ஒன்றரை மடிப்பு பெல்லோஸ் கப் நாலு வாங்கி, பழைய கப்புகள் போல நடுவில் இல்லாமல் மூலைகள் பக்கமாகத் தள்ளி மாட்டினேன். முள் 24ல் நின்றது. மென்மையான உதடு நெளிவு வரிகளோடு படிந்து உட்கார்ந்துவிட்டதால், கப் பெரிதானாலும் வெற்றிடம் அதிகம் இறங்கவில்லை. பெல்லோஸ் கப்பில் முழு விட்டமும் வேலை செய்யாது, 24 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியும் நாலும் சேர்ந்து 4 கிலோவுக்கு மேல். மூலைகள் தொங்குவதும் நின்றது.

இந்த பெல்லோஸ் கப் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியைத் தொட்டதும் மடிப்பு சுருங்கி, கை நகரும் முன்னாலேயே பெட்டியைக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மேலே இழுத்துக்கொள்கிறது. அந்தச் சின்ன இழுப்பில் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது பெட்டி விடுபட்டு விழுந்துவிடுகிறது. முன்பெல்லாம் இரண்டு பெட்டி சேர்ந்து வருவது தினசரிப் பிரச்சினை. பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் முதல் நாள் பார்த்துவிட்டு, "தம்பி, மீன் வாயால கவ்வுற மாதிரில்ல இருக்கு" என்றார். சரியான உவமை. இன்றைக்கும் நான் நின்று பார்ப்பேன்.

பதினான்கு மாதம் அந்த 40 லிட்டர் பம்ப் தினமும் ஆறு மணி நேரம் ஓடியது. சூடு தாங்கியது, சத்தமும் பரவாயில்லை. திங்கட்கிழமை தோறும் இரண்டு எண்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்போம்: கப்புகளை அடைத்தால் எவ்வளவு, பெட்டி மேல் எவ்வளவு. அடைத்த எண் அப்படியே இருந்து பெட்டி எண் மட்டும் இறங்கினால் பம்பைத் தொட வேண்டாம். ஃபில்டரில் காகிதத் தூசி அடைத்திருக்கும், அல்லது கப்பின் உதடு தேய்ந்திருக்கும், அல்லது மழைக்காலத்தில் பெட்டிகள் வளைந்து வந்திருக்கும். ஃபில்டர் அடைப்பு அடைத்த எண்ணில் தெரியாது, ஏனென்றால் காற்று ஓடாதபோது ஃபில்டர் எதையும் தடுப்பதில்லை. அடைத்த எண்ணே இறங்கினால் பம்பில் கோளாறு, அல்லது எங்கேயோ ஜாயிண்ட் லூஸ்.

போன மாதம் அடைத்த எண் 78லிருந்து 60க்கு வந்தது. ஹோஸைக் கழற்றி பம்பின் வாயையே கேஜோடு அடைத்தேன். அங்கேயும் 60. திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் வால்வு இதழ்களின் மேல் சாம்பல் நிறத்தில் காகித நார் படிந்து, ஒரு இதழ் விளிம்பில் சுருண்டிருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு ரப்பர். பம்ப் விற்றவர்கள் அதைத் தனியாகத் தர மாட்டோம் என்றார்கள். கேட்டுக் கேட்டு, செட்டாகத்தான் கிடைத்தது, அதுவும் 19 நாள் கழித்து. அந்த 19 நாளும் பெட்டிகளைக் கையால் எடுத்து வைத்தோம்.

அதனால் நண்பருக்கு என் பதில்: இந்தப் பம்பை வாங்காதீர்கள். நன்றாகத்தான் உழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் காசு அளவு ரப்பருக்கு 19 நாள் காக்க வைப்பவர்களிடம் நான் இனி போக மாட்டேன். வால்வு செட்டைப் பம்போடு சேர்த்தே கொடுக்கும் கடையாகப் பாருங்கள்.

அவருக்கு 40 லிட்டரும் தேவைப்படாது என்பது நேற்றுத் தெரிந்தது. கூரியரில் அவர் அனுப்பிய பெட்டிகள் வந்தன. கோட்டிங் உள்ள டூப்ளெக்ஸ் அட்டை, நெளிவு கிடையாது. அலமாரியில் சும்மா கிடந்த பழைய 5 லிட்டர் பம்பையும் 20 மில்லிமீட்டர் கப்புகளையும் மாட்டி, அவர் பெட்டி மேல் வைத்தேன். முள் 61ல் போய் நின்றது. பம்பை நிறுத்தியும் பெட்டி விழவில்லை, ஹோஸைக் கழற்றிய பிறகே விட்டது. அதனால் அவருக்குக் காற்றை உள்ளே விடும் சோலினாய்டு வால்வு கட்டாயம் வேண்டும். எங்கள் பெட்டிகள் கசிவதால் அந்தக் கவலை எங்களுக்கு இருந்ததில்லை. கருநீலப் பிரிண்டின் மேல் கப் உட்கார்ந்த இடத்தில் லேசான வட்டம் ஒன்று தெரிந்தது, துணியால் துடைத்தால் போகிறது. கறை விடாத ரப்பரில் புதுக் கப் நாலு வாங்கிக்கொள்ளச் சொல்லி, அந்தப் பழைய பம்பை இன்று மதியம் அவருக்கே அனுப்பிவிட்டேன்.