வீல் நட் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்: என் இரண்டு வருட அனுபவம்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மதுரைக்குக் காய்கறி லோடு அடிக்கும் சின்ன வண்டி என்னுடையது. டயர் மாட்டும் 12 இன்ச் இரும்பு டிஸ்க், சக்கரத்துக்கு நான்கு நட். 2022 கடைசியில் எல்லா டிஸ்க்கையும் சுரண்டி பெயின்ட் அடித்தேன். நட் உட்காரும் குழியிலும், பிரேக் டிரம்மோடு ஒட்டும் பின்பக்கத்திலும் சேர்த்து இரண்டு கோட்டு விழுந்தது. அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, பின்பக்க இடது சக்கரத்தில் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். நட்டில் ஸ்பேனர் போட்டால் அரைச் சுற்று உள்ளே போனது. முறுக்கினேன், சத்தம் நின்றது. மூன்று வாரத்தில் மறுபடி வந்தது, மறுபடி முறுக்கினேன். ஏழெட்டு மாதத்தில் ஐந்து முறையாவது இப்படிச் செய்திருப்பேன். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்றுதான் நம்பினேன்.

கடைசியில் சந்தேகம் வந்து, நட்டிலிருந்து டிஸ்க் வரை வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டேன். மதுரை போய்வந்தால் சுமார் 200 கிலோமீட்டர். திரும்பி வந்து பார்த்தபோது நான்கில் மூன்று கோடுகள் விலகியிருந்தன. நட்டைச் சுற்றி செம்பழுப்புத் தூள், வெளிப்பக்கமாகக் கோடு கோடாகப் படிந்திருந்தது. அது சேறு இல்லை. இரும்போடு இரும்பு உரசி உதிர்ந்த துரு.

டிஸ்க்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் விஷயமே புரிந்தது. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை, சக்கரம் சுற்றும் திசையில் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 14 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 16.5. ஓட்டையின் உள்சுவரில் போல்ட்டின் மரை அப்படியே அச்சுப் பதிந்திருந்தது. நட் உட்காரும் சரிவு முழுவதும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கவில்லை. இரண்டு பக்கத்தில் மட்டும் பிறை போலக் கண்ணாடியாகப் பளபளத்தது.

பட்டறைப் பெரியவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, சக்கரத்தை போல்ட் தாங்குதுன்னு நினைக்காதீங்க. நட் அழுத்துற அழுத்தத்துல டிஸ்க் டிரம்மோட ஒட்டி நிக்குது பாருங்க, அந்தப் பிடிமானம்தான் தாங்குது.” அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு ஆக்சிலேட்டருக்கும் டிஸ்க் முன்னும் பின்னும் நகர்ந்து போல்ட்டில் இடிக்கும். அந்த இடிதான் எனக்குக் கேட்ட ‘டக்’. என் வண்டியில் நடுவிலிருந்த பெயின்ட் நசுங்கி வெளியேறியதால் முதல் தளர்வு வந்தது. அதற்குப் பின் நடந்ததெல்லாம் தேய்மானம். ஓட்டை நீண்டபின் நட் இரண்டு சின்ன இடங்களில் மட்டுமே தொடும். எவ்வளவு முறுக்கினாலும் அந்த இடம் நசுங்கி அழுத்தம் போய்விடும். அதனால்தான் என் முறுக்கு எதுவும் நிற்கவில்லை.

இதில் எனக்கு அதிகம் வலித்தது ஸ்டெப்னி கதை. நடுவில் ஒரு முறை பஞ்சராகி, அதே பழைய நட்டுகளைப் போட்டு ஸ்டெப்னியை மாட்டி ஒரு மாதம் ஓட்டினேன். கூம்பு தேய்ந்த அந்த நட்டுகள் நல்ல டிஸ்க்கின் குழியையும் கெடுத்துவிட்டன. புது நட்டைக் கெட்ட டிஸ்க்கில் போட்டாலும் இதே கதைதான், நட் கெடும்.

ஓட்டையை வெல்டு வைத்து அடைத்து மறுபடி துளை போடலாம் என்று இன்னொரு கடையில் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நட்டுக்கான சரிவும், ஓட்டையின் நடுப்புள்ளியும் கைவேலையில் பழையபடி வராது. சூடு பட்ட இடத்தில் விரிசல் விட்டால் கண்ணுக்கும் தெரியாது. நான் இரண்டு டிஸ்க்கையும் பழைய இரும்புக்குப் போட்டேன். நான்கு போல்ட்டையும் நட்டையும் புதிதாக மாற்றினேன். பழைய போல்ட் ஒன்றில் மரை நசுங்கி, புது நட் கையால் பாதிக்கு மேல் ஏறவில்லை. மற்ற மூன்றும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அத்தனை மாதம் இடி வாங்கிய போல்ட்டை நம்பி லோடு ஏற்ற மனம் வரவில்லை.

இப்போது டிரம் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, பெயின்ட் இல்லாத டிஸ்க்கை மாட்டுகிறேன். நட்டுகளை முதலில் கையால் ஏற்றிவிட்டு, எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் முறுக்குகிறேன். ஜாக்கியை இறக்கியபின் டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டர். இது என் வண்டிக்கான அளவு, உங்கள் கையேட்டில் வேறாக இருக்கலாம். முன்பெல்லாம் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பேன். ஒன்றரை அடி ஸ்பேனரில் என் 70 கிலோ எடை தரும் முறுக்கு அந்த 100 நியூட்டன் மீட்டரைப்போல மூன்று மடங்கு. அதுவும் குழியை நசுக்கும், போல்ட்டை இழுத்து நீட்டும்.

சக்கரம் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் முதல் 100 கிலோமீட்டர் முடிந்ததும், அதாவது மதுரையில் லோடு இறக்கும்போது, ஆறின சக்கரத்தில் ரெஞ்ச் வைத்துப் பார்க்கிறேன். புது டிஸ்க் போட்டு 14 மாதம் ஆகிறது. போட்ட வெள்ளைக் கோடுகள் இன்னும் நேராகவே இருக்கின்றன.