தூங்கி எழுந்த கிராப்புக்கு எது சரி: ஈரக் கையா, ஸ்ப்ரேயா, ஈரத்துண்டா, குழாயடியா?

காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது குட்டை முடிக்காரர்களுக்கு இரண்டு விதமான தொல்லை வரும். ஒன்று, ஒரு கொத்து முடி மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும். இன்னொன்று, தலையணையில் அழுந்திய பக்கம் சப்பையாகப் படிந்து கிடக்கும். பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் செய்கிறார்கள்: குழாயைத் திறந்து, கை நிறையத் தண்ணீர் அள்ளி, தலைமேல் தடவி, சீப்பால் ஒரே இழுப்பு. நிற்கும் முடிக்கு இது அரைகுறையாக வேலை செய்யும். படிந்த முடியை இன்னும் படிய வைத்துவிடும்.

தண்ணீர் ஏன் வேலை செய்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று பலவீனமான இணைப்புகள் ஏராளமாக உண்டு. தண்ணீர் பட்டால் அவை அவிழும், உலரும்போது அந்த நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மறுபடி பூட்டிக்கொள்ளும். இரவு ஈரத்தலையோடு படுத்தாலோ, பிடரி வியர்த்துத் தூங்கினாலோ, தலையணை கொடுத்த வடிவத்திலேயே முடி காய்ந்து பூட்டிக்கொள்கிறது. காலையில் நாம் செய்வது அதையே திருப்பிச் செய்வதுதான். நனைத்துப் பூட்டை அவிழ்க்க வேண்டும், பிறகு வேண்டிய வடிவில் வைத்து உலர விட வேண்டும். முதல் பாதியை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவது பாதிக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

என் அக்கா மகன் இதற்கு நல்ல உதாரணம். கல்லூரி முதலாண்டு. பக்கவாட்டில் மூன்றாம் நம்பர் மெஷின், மேலே சுமார் இரண்டு அங்குலம். உச்சிக்குச் சற்றுக் கீழே வலப்பக்கம் ஒரு கொத்து தினமும் தூக்கி நிற்கும். தண்ணீர் சொட்டச் சொட்ட வாரிக்கொண்டு கிளம்புவான். பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் அது மறுபடி எழுந்துவிடும். “மாமா, வீட்டுல படிஞ்சுதான இருந்துச்சு?” என்பான். அங்கே படிந்திருந்தது தண்ணீரின் கனத்தால். நுனியெல்லாம் நனைந்து ஒட்டிக் கிடந்ததே தவிர, முடி மடிந்திருந்த இடமான வேர்ப்பகுதி சரியாக நனையவே இல்லை. தண்ணீர் காய்ந்ததும் பழைய மடிப்பு அதன் வேலையைக் காட்டியது.

ஆகவே எந்த முறையை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, மடிப்பு எங்கே இருக்கிறது என்பதை. நிற்கும் கொத்தின் அடியில், தலைத்தோலை ஒட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். நுனியும் சேர்ந்து படிந்தால் மடிப்பு வேரில் இருக்கிறது. வேர் படிந்தும் நுனி மட்டும் வளைந்து நின்றால் மடிப்பு நடுவில். பத்தில் எட்டுப் பேருக்கு வேரில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, சுற்றியிருக்கும் தலைகளைப் பார்த்த அனுமானம்தான்.

ஈரக் கை முறையிலிருந்து தொடங்குவோம், என் ஓட்டு பெரும்பாலும் இதற்கே. விரல் நுனிகளைத் தண்ணீரில் தோய்த்து, கொத்தின் அடியில் நுழைத்து, தலைத்தோலிலேயே சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை தோய்த்தால் போதும். வேர் நனைந்ததா என்பது விரலுக்கே தெரியும்: முதலில் விறைப்பாகத் தட்டுப்பட்ட முடி தொய்ந்துபோகும். பிறகு அரை நிமிடம் சும்மா விடுங்கள், தண்ணீர் உள்ளே இறங்க அவகாசம் வேண்டும். அப்புறம்தான் சீப்பு. முதலில் முடி சாய வேண்டிய திசைக்கு எதிராக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை, கடைசியாகச் சரியான திசையில். நேராக ஒரே திசையில் வாரினால் பழைய மடிப்புக்கு மேலேயே சீப்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். வாரி முடித்ததும் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து லேசாக மூடிக்கொள்ளுங்கள். அமுக்க வேண்டாம், மூடினால் போதும். கைச்சூட்டில் மேல் ஈரம் கொஞ்சம் வாங்கும், முடியும் அதே நிலையில் உலரத் தொடங்கும். அதன்பின் சட்டை போடுவது, டிபன் சாப்பிடுவது எல்லாம் ஃபேனுக்குக் கீழே. அக்கா மகனுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். குளித்துத் தலையை நனைக்கும் நாட்களைவிட இந்த நாட்களில் அவன் தலை ஒழுங்காக இருக்கிறது என்பது அக்காவின் சான்றிதழ்.

இந்த முறையின் குறை, ஒரு கொத்துக்கு மட்டும்தான் சரிப்படும். தலை முழுக்கக் கலைந்திருந்தால் விரலால் வேர் வேராகத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது.

அங்கேதான் ஸ்ப்ரே பாட்டில். சலூனில் முடிவெட்டும் முன் புஸ் புஸ் என்று அடிப்பார்களே, அதே பாட்டில். ஜப்பானில் தூங்கி எழுந்த முடிக்கென்றே தனியாக ஸ்ப்ரே விற்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆகவே நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சாதாரண பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். இதன் பலம், குறைந்த தண்ணீரைப் பரவலாகப் போடுவது. பலவீனமும் அதுவேதான், மேலே மேலே நுனியில் விழும். எதிரே நின்று அடிக்காமல், ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் அடித்தால் குறை நீங்கும்.

ஸ்ப்ரே தன்னைவிடப் பெரிய ஆட்களையும் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: சப்பையாகப் படிந்த முடி. இங்கே தண்ணீர் அதிகமானால் தோல்விதான், நனைந்த முடி கனத்தாலேயே தலையோடு ஒட்டும். படிந்த பக்கத்தில் இரண்டு அழுத்து போதும். பிறகு சீப்பைத் தொடக்கூடாது. விரல் நுனிகளைத் தலைத்தோலில் பதித்து, முடி சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக முன்னும் பின்னும் தேய்த்து வேரை எழுப்ப வேண்டும். அந்தக் கலைந்த கோலத்திலேயே முக்கால்வாசி காயும்வரை விடுங்கள். அதற்குப் பின்தான் அகலப் பல் சீப்பால் மேலோட்டமாக, நுனியை மட்டும் ஒழுங்குபடுத்த வேண்டும். நெருங்கிய பல் சீப்பு எடுத்தால் அரும்பாடுபட்டு எழுப்பியதை அது மறுபடி உட்கார வைத்துவிடும். நட்டுக்கொண்டு நிற்பதற்கு நெருங்கிய பல், படிந்ததற்கு அகலப் பல் என்று வைத்துக்கொள்ளலாம். சுருட்டை முடிக்கு இரண்டுமே வேண்டாம். லேசாக நனைத்து, உள்ளங்கையில் அள்ளிக் கசக்கி விட்டாலே சுருள் மீண்டும் வந்துவிடும், சீப்பு போட்டால் பஞ்சாகப் பிரியும்.

ஈரத்துண்டு முறை தடித்த, விறைப்பான முடிக்காரர்களுக்கு. சின்னத் துண்டை வெந்நீரில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலையில் ஒரு நிமிடம் சுற்றி வைக்க வேண்டும். சூடும் ஈரமும் சேர்ந்து தடித்த முடியைக்கூட வேர்வரை இளக்கிவிடும். ஈரக் கைக்கு அசையாத கொத்து இதற்கு அடங்குவதைப் பார்க்கலாம். ஆனால் அவசரக் காலையில் வெந்நீர் வைத்து, துண்டு பிழிந்து, அப்புறம் அந்தத் துண்டைக் காயப்போட்டு... வாரத்தில் ஒருநாள் ஏதாவது நேர்முகத் தேர்வு, கல்யாண வீடு என்றால் சரி. மென்மையான, அடர்த்தி குறைந்த முடிக்கு இது வேண்டவே வேண்டாம், மொத்தத் தலையும் இளகிச் சப்பையாகிவிடும்.

குழாயடியில் தலையைக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் நிச்சயமான முறை. வேரும் நுனியும் முழுசாக நனைவதால் பழைய வடிவம் மொத்தமாக அழியும். ஒரு மடிப்பும் மிஞ்சாது. விலை, நேரம்தான். துண்டால் துவட்டிய பிறகும் குட்டை முடி நன்கு உலரக் கணிசமான நேரம் ஆகும், சென்னை மாதிரி கடற்கரை ஊரின் புழுக்கத்தில் இன்னும் கூடுதல். உலராமல் ஹெல்மெட் போட்டீர்களானால், தலையணை இரவு முழுக்கச் செய்த வேலையை அது அரைமணி நேரத்தில் செய்து முடிக்கும். பைக்கில் போகிறவர்கள் குழாயடியைத் தேர்ந்தெடுப்பதானால் முன்கூட்டியே எழ வேண்டும், இல்லையென்றால் ஈரக் கையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். நனைத்தது கொஞ்சம் என்றால் காய்வதும் சீக்கிரம்.

எண்ணெயைப் போட்டி முறையாக நான் சேர்க்கவில்லை. நம் வீடுகளில் தண்ணீருக்கு முன்பே தேங்காய் எண்ணெய் கைக்கு வந்துவிடும், ஆனால் வரிசை தலைகீழாக இருந்தால் காரியம் கெடும். எண்ணெய் பூசிய முடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், உள்ளே போகாது. முதலில் தண்ணீரால் சரிசெய்து, முடி ஏறக்குறையக் காய்ந்த பிறகு ஒரு சொட்டை இரு உள்ளங்கைகளிலும் தேய்த்து, கையில் மிஞ்சியதை மட்டும் மேலே ஒற்றினால் பறக்கும் முடி அடங்கும். முந்தின நாள் நிறைய எண்ணெய் வைத்த தலையென்றால் மேலே சொன்ன நான்கில் எதுவும் ஒழுங்காகப் பலிக்காது, அன்றைக்கு ஷாம்புதான் வழி.

இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு, அது சுழி. தலைக்குக் குளித்து, நன்றாகத் துவட்டி, படுக்காமலேயே காயவிட்ட பிறகும் அதே கொத்து அதே இடத்தில் எழுந்து நின்றால், குற்றவாளி தலையணை இல்லை. அந்த முடி வளரும் திசையே அப்படி. இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள், கல்யாணத்தைப் பற்றித் தெரியாது, சீப்போடு இரட்டைச் சண்டை உறுதி. வேர் தோலுக்குள்ளேயே சாய்ந்து புதைந்திருப்பதால் தண்ணீர் அதைத் திருப்ப முடியாது, சில மணி நேரம் சாய்த்து வைக்கத்தான் முடியும். சுழியை எதிர்த்து வாராமல், அது சுற்றும் திசையிலேயே வாரினால் சண்டை பாதி குறையும். மீதிப் பாதி சலூனில் இருக்கிறது. சுழியில் முடி நடுத்தர நீளத்தில் இருக்கும்போதுதான் அதிகம் நிற்கும்: மெஷின் போட்டு ஒட்ட வெட்டினால் நிற்க நீளம் இருக்காது, இன்னும் கொஞ்சம் வளர விட்டால் சொந்தக் கனத்திலேயே சாயும். அடுத்தமுறை நாற்காலியில் உட்காரும்போது உச்சியைத் தொட்டுக் காட்டி, “அண்ணே, இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் நீளமா விடுங்க” என்று சொல்லிவிடுங்கள். தலையை நனைத்து வெட்டும்போது சுழி படிந்து கிடக்கும், அவர் கண்ணில் படாது. அதனால் பாட்டிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்.